படத்தில் வராதவரைச் சேர்ப்பதும் வந்தவரை அழிப்பதும்



பதிவு கொஞ்சம் நீளமானது. ஆறுதலாக வாசியுங்கள்.

கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இப்போது ஊருக்கு இரண்டு மூன்று செய்திப் பக்கங்கள் இருக்கின்றன. நிவாரணம் கொடுத்தாலும் பரிசளிப்பு விழா நடந்தாலும், பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டம் முடிந்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் படம் வந்துவிடும். நல்ல விடயம்தான். ஆனால் அந்தப் படங்களில் சிலவற்றை உற்றுப் பார்த்தால், கூட்டத்துக்கு வராத ஒருவர் நடுவில் நிற்கிறார். முன்வரிசையில் இருந்த சகோதரிகள் இருந்த இடத்தில் வெறும் சுவர் தெரிகிறது. கேட்டால், "அதுல என்ன சேர், சும்மா ஒரு எடிட்தானே" என்கிறார்கள்.

படத்தை வெளிச்சமாக்குவதும் ஓரத்தை வெட்டி நேராக்குவதும் எடிட்தான். அதைப்பற்றி நாம் யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஒரு மனிதரைச் சேர்ப்பதும் அழிப்பதும் அந்த வகையில் அடங்காது. செய்திப் படம் என்பது "இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்னார் இருந்தார்கள்" என்று சொல்லும் சாட்சி. இல்லாதவரைச் சேர்த்தால் அது பொய்ச்சாட்சி. இருந்தவரை அழித்தால் சாட்சியத்தை மறைத்தல். இரண்டுக்கும் நமது மார்க்கத்தில் என்ன பெயர், என்ன கனம் என்று மத்ரஸாவுக்குப் போன பிள்ளைக்கும் தெரியும். கை வாளால் செய்தாலும் கைபேசியால் செய்தாலும் செயல் ஒன்றுதானே.

வராதவரைச் சேர்ப்பதில் இருந்து தொடங்குவோம்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் 3ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி ஹெலிகொப்டரில் வெள்ளப் பகுதிகளைப் பார்வையிட்டார். இந்திய அரசின் பத்திரிகைத் தகவல் பணியகம் அதன் படங்களை வெளியிட்டது. அதில் ஒன்றில் பிரதமர் ஜன்னலால் கீழே பார்க்கிறார், ஜன்னலுக்குள் வெள்ளத்தில் நிற்கும் வீடுகள் பளிச்சென்று தெரிகின்றன. சனங்கள் கொஞ்ச நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அசல் படத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது மங்கலான நிலம் மட்டும்தான். வேறொரு படத்தை வெட்டி அந்த ஜன்னலுக்குள் ஒட்டியிருந்தார்கள். பணியகம் படத்தை நீக்கியது. பின்பு, இரண்டு படங்களை இணைத்துச் செய்யப்பட்டது என்று ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தது.

இங்கே யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சென்னையில் வெள்ளம் வந்தது உண்மை. பிரதமர் பறந்து போய்ப் பார்த்ததும் உண்மை. ஒட்டப்பட்ட வெள்ளக் காட்சியும் கற்பனையாக வரைந்தது அல்ல. ஆனாலும் சேர்ந்து வந்த படம் பொய். "இந்த ஜன்னலால் இவர் இதைப் பார்த்தார்" என்று அந்தப் படம் சொன்னது, அது நடக்கவில்லை. இரண்டு உண்மைகளை ஒட்டி ஒரு பொய்யைச் செய்யலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நம்மூரில் நடப்பதும் இதே கணக்குத்தான். நூறு பொதி அரிசிக்குக் காசு கொடுத்தவர் கட்டாரிலோ கொழும்பிலோ இருப்பார். பொதியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போனவர்கள் நாலு இளைஞர்கள். படத்தில் கொடுத்தவரின் உருவம் நடுவில் வந்து சேரும். "அவர் கொடுத்தது உண்மைதானே" என்று கேட்பார்கள். ஆம், கொடுத்தது உண்மை. அதை எழுத்தில் சொல்லுங்கள், அவரது படத்தைத் தனியாக ஒரு மூலையில் கட்டம் போட்டுப் போடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தண்ணீருக்குள் அவர் நின்றார் என்று காட்டுவது மட்டும்தான் பிரச்சினை. அந்தப் படத்தில் அவருக்கு இடம் விடுவதற்காக ஓரத்துக்குத் தள்ளப்பட்ட பையனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அவனுக்கும் வீட்டில் ஒரு உம்மா இருக்கிறா.

ஆளைப் புதிதாகச் சேர்க்காமல், இருந்த இடத்தை மட்டும் மாற்றினாலும் இதே கதைதான். 2010 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் மத்திய கிழக்குப் பேச்சுவார்த்தை நடந்தபோது ஒபாமா, முபாரக், நெதன்யாகு, மஹ்மூத் அப்பாஸ், ஜோர்தான் மன்னர் அப்துல்லாஹ் ஆகிய ஐவரும் சிவப்புக் கம்பளத்தில் நடந்து வந்தார்கள். அசல் படத்தில் ஒபாமா முன்னால், முபாரக் ஓரமாகப் பின்னால். எகிப்தின் அல் அஹ்ராம் பத்திரிகையில் அதே படம் வந்தபோது முபாரக் எல்லோருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தார். எகிப்திய வலைப்பதிவர் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்போதைய பிரதம ஆசிரியர், அது எகிப்தின் பங்கை உணர்த்தும் ஒரு வெளிப்பாட்டுப் படம் என்று நியாயம் சொன்னார். உணர்த்துவதற்கென்று செய்த படம் என்றால் படத்துக்குக் கீழே அப்படி ஒரு வரி இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பிடிபட்ட பிறகு வரும் விளக்கம் அறிவித்தல் ஆகாது.

இனி வந்தவரை அழிப்பது. இது நமது சமூகத்தில் கொஞ்சம் கூச்சமான விடயம், ஆனாலும் பேசத்தான் வேண்டும்.

2011 மே 1ஆம் திகதி, பின்லாதினைப் பிடிக்கும் நடவடிக்கையை ஒபாமாவும் அதிகாரிகளும் ஓர் அறையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் படம் உலகம் முழுக்கப் போனது. வெள்ளை மாளிகையின் படப்பிடிப்பாளர் பீட் சூசா எடுத்தது. அந்தப் படத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் வாயில் கையை வைத்துக்கொண்டிருந்த வெளியுறவுச் செயலாளர் ஹிலாரி கிளின்டன், மற்றவர் பின்னால் நின்ற அதிகாரி ஒட்ரி டோமசன். நியூயோர்க்கின் புரூக்ளினில் யூத மதப்பற்றாளர்களுக்காக இத்திஷ் மொழியில் வரும் டி சைட்டுங் என்ற பத்திரிகை அதே படத்தைப் போட்டது. அதில் இரண்டு பெண்களும் இல்லை. வெட்டிய அடையாளமும் இல்லை. அந்த அறையில் அன்று ஆண்கள் மட்டுமே இருந்தார்கள் என்றே பார்ப்பவர் நினைப்பார்.

அந்தப் பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. ஒழுக்க விதிகளின்படி தாங்கள் பெண்களின் படங்களைப் பிரசுரிப்பதில்லை என்றும், பெண்களை இழிவுபடுத்தும் எண்ணம் இல்லை என்றும், மாற்றிய படத்தைப் போட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னது. வெள்ளை மாளிகை அந்தப் படத்தை வெளியிடும்போதே எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று நிபந்தனை போட்டிருந்ததும் பிரச்சினையைப் பெரிதாக்கியது.

இதை வாசிக்கும்போது நம்மில் சிலருக்கு அந்தப் பத்திரிகைக்காரர்கள் மீது கொஞ்சம் அனுதாபம் வரும். எங்களுக்கும் வந்தது. ஹயா என்ற உணர்வை நாம் மதிக்கிறோம். தன் படம் பேஸ்புக்கில் வரக்கூடாது என்று ஒரு சகோதரி சொன்னால் அதைக் கேட்டு நடக்கவேண்டியது கடமை. கேட்காவிட்டாலும் அனுமதி இல்லாமல் போடாமல் இருப்பதே முறை. ஆனால் அதற்கு வழிகள் பல இருக்கின்றன. அந்தப் படத்தைப் போடாமல் வேறு படத்தைப் போடலாம். பின்பக்கத்தில் இருந்து எடுக்கலாம். மேடையை மட்டும் எடுக்கலாம். முகத்தை எல்லோருக்கும் தெரியும்படி மறைக்கலாம். இந்த எந்த வழியிலும் "அங்கே பெண்கள் இருந்தார்கள்" என்ற செய்தி சாகவில்லை. ஆளை அழித்துவிட்டு அந்த இடத்தில் கதிரையையும் சுவரையும் வரைந்து நிரப்பும்போதுதான் அது சாகிறது.

அதனால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். சுனாமி வீட்டுத்திட்டம், வடிகான், வாழ்வாதாரக் கடன் என்று பிரதேச செயலகத்தில் நடக்கும் கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். பாதிக்கு மேல் பெண்கள்தான் வந்திருப்பார்கள். அவர்களில் கணவனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் கணவன் இருக்க வீட்டைத் தனியாகச் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் படத்தில் ஆண்கள் மட்டும் மிஞ்சினால், ஐந்து வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர், "நம்ம பொம்புளைகள் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வாறதே இல்லையே, அப்ப குழுவில எதுக்கு இடம்" என்று கேட்பார். சும்மா ஒரு எடிட் அன்று ஆதாரமாகிவிடும்.

முகத்தை மறைப்பது பற்றி ஒரு குறிப்பு. அசோசியேட்டட் பிரஸ் போன்ற பெரிய செய்தி நிறுவனங்கள் தங்கள் படங்களில் முகத்தை மென்பொருளால் மறைப்பதைக் கூட அனுமதிப்பதில்லை. முகம் தெரியக்கூடாது என்றால் எடுக்கும்போதே தெரியாமல் எடு என்பது அவர்களது விதி. 2014 ஜனவரியில் அதே நிறுவனம், சிரியாப் போராளி ஒருவரின் படத்தில் மூலையில் கிடந்த சக ஊடகவியலாளரின் வீடியோ கெமராவை அழித்ததற்காக, புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்த நார்சிசோ கொன்ட்ரேராஸ் என்ற படப்பிடிப்பாளருடன் உறவையே முறித்துக்கொண்டது. அழித்தது ஆளைக் கூட அல்ல, ஒரு கெமராவை. ஆயினும் முகத்தை மறைக்கும் விடயத்தில் நாங்கள் அவர்களுடன் முழுதாக உடன்படவில்லை. சின்ன ஊர்களில், எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில், ஒரு சிறுமியின் முகத்தையோ ஜனாஸாவின் முகத்தையோ மறைக்காமல் போடுவது பெரிய அநியாயம். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் அடிபட்டுப்போய் மத்ரஸாப் பிள்ளைகள் மரணித்த அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெற்றோரின் கைபேசிக்கு என்ன படம் போகிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கவேண்டும். மறைப்பு கண்ணுக்குத் தெரிந்தால் அது யாரையும் ஏமாற்றாது. மறைத்தவர் "இங்கே நான் மறைத்திருக்கிறேன்" என்று படத்திலேயே சொல்லிவிடுகிறார். தெரியாமல் அழிப்பவர் எதுவும் சொல்வதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மென்பொருளால் செய்வது. ஆனால் மென்பொருள் எதுவும் இல்லாமலே ஆட்களை அழிக்கலாம் என்பதை இந்த மாவட்டத்தில் வாழும் நாம் அனுபவித்து அறிந்திருக்கிறோம்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நமது சகோதரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கறிக்குள் மாக்கட்டி ஒன்று இருந்தது. மலட்டு மாத்திரை போட்டாய்தானே என்று கும்பல் ஒன்று கேட்டது. சிங்களம் சரியாகத் தெரியாத அந்த மனிதர் பயத்தில் தடுமாறி ஆமாம் என்பது போல ஏதோ சொன்னார். அது வீடியோவாகியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. வீடியோ பேஸ்புக்கில் பரவியது. சில நாட்களில் திகன பற்றியது, மார்ச் 6ஆம் திகதி அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. அது வெறும் மாப்பொருள்.

அந்த வீடியோவில் எந்தப் புள்ளியும் மாற்றப்படவில்லை. ஆனால் அதற்குள் யார் இருந்தார், யார் இருக்கவில்லை என்று பாருங்கள். சட்டத்துக்குள் தெரிந்தது பதில் சொல்லும் ஒரு மனிதர். அவரைச் சுற்றி நின்ற கும்பல் சட்டத்துக்கு வெளியே. கும்பலை நீக்கிவிட்டால் மிரட்டி வாங்கிய சொல், தானாகக் கொடுத்த வாக்குமூலமாக மாறிவிடுகிறது. கெமராவை ஒரு முழம் பின்னால் இழுத்திருந்தால் வேறு கதை தெரிந்திருக்கும்.

ஆகவே ஓரத்தை வெட்டுவது எப்போதும் பிழையில்லை என்று மேலே சொன்னதற்கு ஒரு எல்லை இருக்கிறது. குப்பைத் தொட்டியையும் மின்கம்பத்தையும் வெட்டலாம். நடந்த விடயத்தின் பொருளை மாற்றக்கூடிய ஒரு மனிதரை வெட்டக்கூடாது. கை ஓங்கியவன் வெட்டுப்பட்டு, கையைத் தடுத்தவன் மட்டும் மிஞ்சினால், தடுத்தவன்தான் அடிக்க வந்தவன் போலத் தெரிவான். பாடசாலையில் பிள்ளைகளின் சண்டையை யாரோ எடுத்துப் பரப்பும்போது நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்: இதற்கு முந்தைய பத்து செக்கன் எங்கே?

பெயர் எழுதுவதும் இப்படித்தான். 2019 ஏப்ரல் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் சந்தேக நபர்கள் என்று பொலிஸார் வெளியிட்ட படங்களில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த முஸ்லிம் செயற்பாட்டாளர் அமாரா மஜீதின் படம் வேறொருவரின் பெயரில் இருந்தது. பொலிஸார் பிழையை ஏற்று மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் அந்தப் பிள்ளைக்கு மிரட்டல்கள் வந்துவிட்டன. அடுத்த நாள் இரவு நமது சாய்ந்தமருதில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கிழமைகளில் ஒரு படத்துக்குக் கீழே பிழையான பெயர் வந்திருந்தால் அந்தப் பெயருக்குரியவரின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று இந்தக் கரையோரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். படத்தை யாரும் தொடவில்லை. ஆனால் ஒரு அப்பாவியைக் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்தியாயிற்று. ஒருவர் கொண்டுவரும் செய்தியை விசாரித்துக்கொள்ளச் சொல்லும் சூறா அல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனத்தை ஜும்ஆ மேடையில் கேட்டுவிட்டு, வெளியே வந்து செருப்புப் போடும் முன் பகிர்ந்துவிடுகிறோம்.

இனி ஆதாரப் படங்கள். காணி எல்லை, வாகன விபத்து, வெள்ள இழப்பீடு, வயலுக்குள் யானை வந்தது, அடிபிடி வழக்கு என்று இப்போது எல்லாவற்றுக்கும் கைபேசிப் படம்தான் முதல் ஆதாரம். இங்கே செய்தியை விடக் கடுமையாக இருக்கவேண்டும்.

நமது நாட்டில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போது பதிந்த ஒலி, ஒளிப் பதிவுகளை நீதிமன்றம் ஏற்கலாம் என்று சொல்லும் சட்டம் அது. ஆனால் அந்தப் பதிவு எந்த வகையிலும் மாற்றப்படவில்லை என்றோ, மாற்ற முடியாதபடி பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தது என்றோ காட்டவேண்டும். முன்வைக்கப் போவதாக எதிர்த்தரப்புக்கு விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே அறிவிக்கவேண்டும், அவர்கள் அசலைப் பார்வையிடக் கேட்கலாம். அதாவது நீங்கள் நல்லெண்ணத்தில், "நமது பிள்ளை தேவையில்லாமல் படத்துக்குள் நிற்கிறானே" என்று அவனை அழித்துவிட்டுக் கொடுத்தால், எதிர்த்தரப்பு அசலைக் கேட்கும் நாளில் அந்தப் படம் மட்டுமல்ல, நீங்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்து விழும். வேண்டுமென்றே செய்தால் பொய்ச்சாட்சியம் புனைந்த குற்றமும் தலையில் ஏறும்.

இங்கே "மாற்றியிருக்கிறேன்" என்று அறிவித்துவிட்டால் சரியாகிவிடாது. ஆளை அழித்த ஆதாரப் படம், அறிவித்தாலும் ஆதாரமாகாது. இருட்டாக இருக்கும் படத்தை வெளிச்சமாக்கிக் காட்டவேண்டிய தேவை வரும். அப்போது அசலை அப்படியே வைத்து, பிரதி ஒன்றை வெளிச்சமாக்கி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

நடைமுறையில் பெரும்பாலும் பிழைப்பது கள்ளத்தனத்தால் அல்ல, அசலைத் தொலைப்பதால். படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகிறது, எடுத்த நேரமும் கைபேசி விபரமும் கழன்றுவிடுகின்றன. பிறகு கைபேசியில் இடமில்லை என்று அசலை அழித்துவிடுவோம். கையில் மிஞ்சுவது, எங்கே எப்போது எடுத்ததென்று நிரூபிக்க முடியாத ஒரு பிரதி. முக்கியமான படம் என்றால் ஆவணமாக, அதாவது Document என்ற வழியில் அனுப்புங்கள். கணினியில் ஒரு பிரதியை வையுங்கள். எடிட் செய்வதானால் பிரதியில் செய்யுங்கள். ஒரு படத்தோடு நிறுத்தாமல், அதே இடத்தில் முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் அவைதான் கைகொடுக்கும்.

மாற்றிய படத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். சில நேரம் முடியும். எல்லோருடைய நிழலும் ஒரு பக்கம் விழ ஒருவருடையது மட்டும் இல்லாமல் இருக்கும். ஒருவரின் தோளில் ஒரு கை இருக்கும், அந்தக் கைக்கு ஆள் இருக்காது. 2003 மார்ச்சில் ஈராக்கின் பஸ்ராவுக்கு அருகே பிரையன் வால்ஸ்கி என்ற லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் படப்பிடிப்பாளர் இரண்டு படங்களை ஒட்டி ஒரு படமாக்கி அனுப்பினார். பின்னால் இருந்த சனத்துக்குள் சிலர் இரண்டு தரம் இருந்ததை வேறொரு பத்திரிகையில் வேலைசெய்த ஒருவர் கவனித்தார், வால்ஸ்கி வேலையை இழந்தார். ஆனால் அது இருபது வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது கைபேசியே விரலால் தடவிய ஆளை அழித்து, பின்னால் இருந்த சுவரை ஒழுங்காக வரைந்துவிடுகிறது. கண்ணை நம்பிக்கொண்டிருக்க முடியாது. அசலைக் கேட்பதும், அங்கே இருந்த இன்னொருவரின் கைபேசிப் படத்தைக் கேட்பதும்தான் இனி வழி.

இதில் ஒரு கஷ்டமான கேள்வியும் இருக்கிறது. 2024இல் வந்த கூகுள் பிக்சல் 9 கைபேசியில் Add Me என்றொரு வசதி இருக்கிறது. குழுப்படம் எடுப்பவர் முதலில் மற்றவர்களை எடுப்பார், பிறகு கைபேசியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் தானும் போய் நிற்பார். கைபேசி இரண்டையும் ஒன்றாக்கும். இவர் அங்கே இருந்தது உண்மை. அப்படியானால் பிழையா? குடும்பப் படம், சுற்றுலாப் படம் என்றால் ஒரு பிழையும் இல்லை, சந்தோசமாகச் செய்யுங்கள். செய்தியாகப் போடுவதென்றால் இரண்டு படங்களின் இணைப்பு என்று எழுதுங்கள், ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் நின்ற கணம் ஒன்று இருக்கவில்லை. வருகையை நிரூபிக்கும் அறிக்கைக்கு என்றால் அதைத் தொடவே வேண்டாம். கைபேசியைக் கதிரையில் சாய்த்து டைமர் போட்டால் பத்து செக்கனில் முடிகிற வேலை. பாடசாலைக் கருத்திட்டங்களுக்குப் படம் இணைத்து அறிக்கை அனுப்பும் ஆசிரியர் நண்பர்களுக்கும் இதையே சொல்கிறோம். பிரதம விருந்தினர் வரவில்லை என்றால் வரவில்லைதான். வராத விருந்தினரை மேடையில் ஏற்றச் சொல்லி யார் கேட்டாலும், அந்த வேலையைச் செய்யப்போவது கணினி தெரிந்த ஒரு உயர்தர மாணவன். அவனுக்கு நாம் என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று அந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும்.

வாழ்த்துப் பதாகை, தேர்தல் சுவரொட்டி போன்றவற்றை இதோடு குழப்பவேண்டாம். மர்ஹூம் அஷ்ரப் அவர்கள் 2000 செப்டம்பரில் நம்மை விட்டுப் போனவர். இன்றைக்கும் ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர்களின் தலைக்கு மேலே அவரது முகம் இருக்கும். யாரும் ஏமாறுவதில்லை, அது சுவரொட்டி என்று எல்லோருக்கும் தெரியும். (அவர் உயிரோடு இருந்திருந்தால் இதில் எத்தனை சுவரொட்டிகளுக்கு அனுமதி கொடுத்திருப்பார் என்பது வேறு பேச்சு.) ஆனால் அவர் தோளில் கைபோட்டு நிற்பது போல ஒருவர் படம் செய்து, "தலைவருடன் அந்த நாட்களில்" என்று போட்டால், அது சுவரொட்டி அல்ல, வரலாற்றுத் திருட்டு.

அறிவிப்பதென்றால் எப்படி அறிவிப்பது? பதிவின் அடியில், பின்னூட்டத்தில் எழுதுவதில் பலனில்லை. படத்தை ஒருவர் இறக்கி வட்ஸ்அப் குழுமத்தில் போட்டதும் எழுத்து விடுபட்டுப்போகும், படம் மட்டும் ஊரைச் சுற்றும். ஆகவே "இணைக்கப்பட்ட படம்" அல்லது "சித்திரிப்பு" என்று படத்தின் மீதே, வாசிக்கக்கூடிய அளவில் எழுதவேண்டும். முகம் மறைத்திருந்தால், "சிறுவர் என்பதால் முகம் மறைக்கப்பட்டுள்ளது" என்று காரணத்தையும் சேர்த்தால் நல்லது. "பெண்கள் பகுதி படமெடுக்கப்படவில்லை, சுமார் அரைவாசிப் பேர் பெண்கள்" என்று ஒரு வரி எழுதினால், படத்தில் அவர்கள் இல்லாவிட்டாலும் செய்தியில் இருப்பார்கள். வெளியிட்ட பிறகு பிழை தெரியவந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடாமல், பழைய படத்தில் என்ன பிழை இருந்தது என்று எழுதிவிட்டு மாற்றுங்கள். பழையதைப் பகிர்ந்தவர்களுக்கு வேறு எப்படித்தான் தெரியவரும்?

செய்திப் பக்கங்களை நடத்தும் தம்பிமாரிடம் ஒரு கேள்வியை விட்டுச்செல்கிறோம், பதிலைக் கீழே எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் இந்த வருடம் வந்த படங்களின் அசல்கள் உங்களிடம் இருக்கின்றனவா? யாராவது ஒருவர், "அந்தப் படத்தில் நான் இருந்தேன், இப்போது இல்லையே" என்று வந்து நின்றால் எடுத்துக்காட்ட முடியுமா?